ஸ்பான்சருக்குச் சொன்னதும் மைதானத்தில் நடந்ததும்

எங்கள் ஊரில் பொங்கலையொட்டி நடக்கும் வாலிபால் போட்டிக்கு ஸ்பான்சர் பிடிப்பதும், அவர்களுக்குச் சொன்ன பேனரும் மைக் அறிவிப்பும் சரியாகப் போய்ச் சேர்ந்தனவா என்று பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் பொறுப்பு. இதற்கு கூகுள் ஷீட்ஸில் ஒரு கணக்குத் தாள் வைத்திருக்கிறேன். தனிச் செயலி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் கடைக்கு ஒரு வரி என்று எழுதினால் இந்தத் தாளால் பயனில்லை. சொன்ன ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும்: என்ன, எந்த இடத்தில், எத்தனை, யார் பொறுப்பு, எத்தனை நடந்தது, அதற்கு ஆதாரம் என்ன.

பேனரைக் கண்காணிப்பது எளிது என்று தோன்றும். காலையில் கட்டியதும் படம் எடுத்து ஏற்றிவிடுவோம். மாலையில் சிறப்பு விருந்தினரை வரவேற்கும் பெரிய பேனர் ஒன்று வந்து அதை மறைத்துவிடும். காலைப் படம் மட்டும் இருந்தால் தாளில் எல்லாம் சரியாகவே தெரியும். அதனால் கட்டியதும் ஒரு படம், கூட்டம் நிறைந்த பிறகு எதிர்ப்புறக் கேலரியிலிருந்து ஒரு படம் என்று இரண்டு வாங்குகிறேன். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் கோப்பில் தங்காது. ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

அறிவிப்புதான் கடினம், காற்றோடு போய்விடும். ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவே வரும் இடைவேளையில்தான் அதைப் படிக்கிறோம், இடைவேளைக்கு ஒன்று. அந்த இடைவேளை 3 நிமிடம்தான். ஐந்து செட் ஆட்டம் 3-0 என்று முடிந்தால் இடைவேளை இரண்டே. 3-2 என்று நீண்டால் நான்கு. ஒரு ஜவுளிக்கடைக்கு ஆட்டத்துக்கு மூன்று வீதம், இரண்டு நாளில் எட்டு ஆட்டங்களுக்கு 24 அறிவிப்புகள் என்று ஒப்புக்கொண்டிருந்தோம். முதல் நாள் நான்கு ஆட்டங்களில் இரண்டு ஆட்டங்கள் 3-0 என்று முடிந்தன. 12 வரவேண்டிய இடத்தில் 10தான் வந்தது. அன்றிரவே தாளைப் பார்த்ததால், மறுநாள் வீரர்கள் பயிற்சி எடுத்த நேரத்தில் விடுபட்ட இரண்டையும் சொல்ல முடிந்தது. போட்டி முடிந்த பிறகு கணக்குப் பார்த்திருந்தால் ஈடுசெய்ய வழியே இருந்திருக்காது.

இப்போது ஆட்டத்துக்கு இரண்டு என்றுதான் ஒப்புக்கொள்கிறோம். மிஞ்சுவது அவர்களுக்குக் கூடுதல். அறிவிப்பாளர் கையில் ஆட்டவாரியாக அச்சிட்ட தாள் இருக்கும். படித்ததும் டிக் செய்வார். அருகில் ஒரு கைப்பேசியில் ஒலிப்பதிவு ஓடும். டிக்கை மட்டும் நம்ப வேண்டாம். அவசரத்தில் கடைசியில் மொத்தமாகப் போட்டுவிடுகிறார்கள். எல்லா டிக்கும் ஒரே சாய்வில், ஒரே மையில் இருந்தால் ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்க்கிறேன்.

கடைக்காரரிடம் அறிக்கை கொடுக்கும்போது குறைந்ததையும் அப்படியே காட்டுகிறேன். அறிவிப்பு நடந்ததா என்பதை இந்தத் தாள் சொல்லும். கூட்டத்தின் காதில் விழுந்ததா என்பதைச் சொல்லாது. அதற்கு அறிவிப்பு நேரத்தில் கடைசி வரிசையில் போய் நின்று கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.