கீசாவில் ‘பிரமிடு ரகசியம்’ சுற்றுலாவா? பணம் கட்டும் முன் படியுங்கள்

கெய்ரோவில் வழக்கமான பிரமிடு சுற்றுலாவைப் போல இரண்டு மடங்கு கட்டணம் வாங்கி, ‘மறைக்கப்பட்ட உண்மைகள்’ என்று தனிச்சுற்று அழைத்துப்போகிறார்கள். நானும் போனேன். பாதி நேரம் அத்தர் கடையிலும், பாப்பிரஸ் என்ற நாணல்தாள் விற்கும் கடையிலும் கழிந்தது. மீதி நேரம் வழிகாட்டி ஒரே பல்லவியைத்தான் பாடினார்: “இரும்பு இல்லை, கப்பி இல்லை, கட்டியவர்கள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. மனிதரால் எப்படி முடியும்?”

எழுதி வைத்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். 2013-இல் செங்கடல் கரையில், வாடி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில், பிரெஞ்சு தொல்லியலாளர் பியேர் தாலே தலைமையிலான குழு பாப்பிரஸ் சுருள்களைக் கண்டெடுத்தது. கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனின் ஆட்சிக் கடைசியில், சுமார் 40 பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராக இருந்த மெரேர் என்பவரின் வேலைப் பதிவேடும் அதில் இருக்கிறது. 25-ஆம் நாள், நைல் நதியின் எதிர்க்கரையில் உள்ள துரா கல்சுரங்கத்தில் கல் இழுத்தார்கள். 26 அன்று கல்லேற்றிய படகை அவிழ்த்து, இரவு ‘கூஃபுவின் ஏரி’ என்ற நீர்நிலையில் தங்கினார்கள். 27 அன்று பிரமிடுக்கு வந்தார்கள். 28 காலையில் மறுபடி துராவுக்குக் கிளம்பிவிட்டார்கள். பிரமிடுக்கு வெளிப்புற உறையாக வைத்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வந்த வழி இது. உள்ளே இருக்கும் கல்லில் பெரும்பகுதி பக்கத்திலேயே வெட்டியது. அந்தக் குழி இன்றும் தெரிகிறது. வண்டியை அங்கே நிறுத்தவே இல்லை.

“இரும்பு இல்லாமல், செம்புக் கருவியால் கிரானைட்டை அறுக்க முடியாதே?” என்றார் வழிகாட்டி. செம்பு அறுக்க வேண்டியதில்லை. பல்லில்லாத செம்பு ரம்பத்துக்கு அடியில் மணலைப் போட்டு இழுத்தால், மணலில் உள்ள குவார்ட்ஸ்தான் கல்லைத் தேய்க்கிறது. ரம்பமும் தேயும், வேலையும் மெதுவாக நடக்கும். ஆனால் நடக்கும், செய்தே பார்த்திருக்கிறார்கள்.

மேலே ஏற்றியது எப்படி என்பதில் மட்டும் சர்ச்சை உண்டு. எகிப்தின் ஹத்நுப் என்ற இடத்தில் உள்ள கல்சுரங்கத்தில் கூஃபு காலத்துச் சரிவுப்பாதை ஒன்று கிடைத்தது. நடுவே கல் ஏறும் பாதை, இருபுறமும் படிக்கட்டு, கம்பம் நட்ட குழிகள். கம்பத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் செங்குத்தான சரிவிலும் ஏற்றலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. ஆனால் அது சுரங்கத்தில் உள்ள பாதை. பிரமிடைச் சுற்றி இருந்த சரிவுப்பாதை எந்த வடிவம் என்பது முடிவாகவில்லை. இந்த ஓர் இடைவெளியைக் காட்டித்தான் இவர்கள் மொத்தத்தையும் மர்மமாக விற்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “அவரவர் கருத்து அவரவருக்கு” என்று பதில் வந்தது. முன்பதிவு செய்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கல்வெட்டிய குழியும், தெற்கே அகழ்ந்தெடுத்த தொழிலாளர் குடியிருப்பும் பயணத்திட்டத்தில் உண்டா? கடைகளில் எவ்வளவு நேரம்? மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.