குளுக்கோமீட்டருக்கும் ஆக்சிமீட்டருக்கும் ‘கேலிப்ரேஷன் ஸ்டிக்கர்’ ஒட்ட ஆள் வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள்

சிறிய கிளினிக் வைத்திருப்பவர்களும் அங்கே வேலை பார்க்கும் நர்ஸ்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாங்கள் 4,050 ரூபாய் ஏமாந்தோம். பணம் போனால் போகட்டும். அந்த ஸ்டிக்கரை நம்பி வயதான ஒரு அம்மாவுக்கு சுகர் மாத்திரையைக் கூட்டிக் கொடுக்க இருந்தோம், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மானாமதுரைப் பக்கம் ஒரு டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். போன மார்ச்சில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் வந்தார். “வருஷா வருஷம் எல்லா மெஷினுக்கும் கேலிப்ரேஷன் பண்ணி சர்டிஃபிகேட் வைக்கணும் சிஸ்டர், இன்ஸ்பெக்‌ஷன்ல முதல்ல கேட்கிறதே அதைத்தான்” என்றார். டாக்டர் அன்று ஊரில் இல்லை. போனில் கேட்டுவிட்டு நான்தான் சரி என்றேன். மூன்று குளுக்கோமீட்டர், இரண்டு பல்ஸ் ஆக்சிமீட்டர், நான்கு பிபி கருவி. ஒன்றுக்கு 450 ரூபாய்.

அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். குளுக்கோமீட்டர்களில் பிளாஸ்டிக் துண்டு போன்ற ஒரு சோதனை ஸ்ட்ரிப்பைச் செருகி, திரையில் ஓகே வந்ததைக் காட்டினார். ஆக்சிமீட்டர்களைத் தன் விரலில் மாட்டி, 98 வந்ததும் எழுதிக்கொண்டார். எல்லாவற்றிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் சர்டிஃபிகேட் வந்தது. குளுக்கோமீட்டரின் பிழை ‘சரிசெய்யப்பட்டது’ என்றும், ஆக்சிமீட்டர் 70 முதல் 100 சதவீதம் வரை சோதிக்கப்பட்டது என்றும் அதில் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, மாதாமாதம் வருகிற அப்பத்தா ஒருவர் வெறும் வயிற்றில் வந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 221. போன மாதம் வரை 140, 150 என்று இருந்தவர். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதத் தொடங்கினார். எனக்கு ஏதோ உறுத்தியது. முகம் வெளிறிப்போய், படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். “சார், ஒரு தடவை லேப்ல பார்த்துரலாமா” என்றேன். நரம்பில் ரத்தம் எடுத்துப் பக்கத்து லேபுக்கு அனுப்பினோம். 139 என்று வந்தது.

139-க்கும் 221-க்கும் நடுவில் 82 வித்தியாசம். அன்று மாத்திரையைக் கூட்டியிருந்தால் அவருக்கு வீட்டில் சுகர் தாழ்ந்திருக்கலாம். அவர் தனியாக இருப்பவர்.

குளுக்கோமீட்டரில் கிளினிக் சொந்தமாகப் பார்க்கக்கூடிய முதல் சோதனை எது என்று அன்று சாயந்திரம்தான் ஒழுங்காகப் படித்தேன். கண்ட்ரோல் சொல்யூஷன் என்று சின்ன பாட்டில் வரும். குளுக்கோஸ் அளவு முன்பே தெரிந்த திரவம் அது. மெஷினின் கம்பெனியே தயாரித்ததாக இருக்க வேண்டும், வேறு கம்பெனியுடையது ஒத்துவராது. பாட்டிலைக் குலுக்கி, முதல் சொட்டைத் துடைத்து எறிந்துவிட்டு, அடுத்த சொட்டைச் சுத்தமான மூடியில் விட்டு, அதிலிருந்து ஸ்ட்ரிப்பை உறிஞ்ச விட வேண்டும். வருகிற எண், ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சடித்திருக்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. திறந்த பாட்டில் பெரும்பாலும் மூன்று மாதம்தான் தாங்கும், அதனால் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.

எங்கள் டப்பாவில் எல்லை 102 முதல் 138. முதல் மெஷினில் 157 வந்தது. அதே டப்பாவிலிருந்து இன்னொரு ஸ்ட்ரிப்பை எடுத்து இரண்டாவது மெஷினில் போட்டேன், 154. இரண்டு மெஷின் ஒரே அளவுக்கு ஒன்றாகக் கெடுவது அரிது. புது டப்பாவைப் பிரித்துப் போட்டதும் 121, 119 என்று இரண்டும் எல்லைக்குள் வந்துவிட்டன. ஆக, மெஷின்கள் நன்றாகத்தான் இருந்தன, கெட்டது அந்த டப்பாவின் ஸ்ட்ரிப்கள். நீராவி கக்கும் ஸ்டெரிலைசருக்குப் பக்கத்தில் அந்த டப்பா அரைகுறையாக மூடியபடி நாட்கணக்கில் இருந்திருக்கிறது. ஸ்ட்ரிப்பில் இருப்பது என்சைம், ஈரமும் வெப்பமும் பட்டால் கெட்டுவிடும். அளவு கூடவும் காட்டலாம், குறைத்தும் காட்டலாம். எங்கள் டப்பாவில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்றே போட்டிருந்தது. ஏப்ரல் மாதம் எங்கள் ஊரில் எந்த அறை 30 டிகிரிக்குள் இருக்கிறது?

ஸ்டிக்கர் ஒட்டியவர் செருகிய அந்தப் பிளாஸ்டிக் துண்டு மெஷினின் மின்சுற்றை மட்டும்தான் பார்க்கும். அதில் என்சைமும் இல்லை, ரத்தமும் இல்லை. கெட்ட ஸ்ட்ரிப் டப்பா பக்கத்திலேயே இருந்தாலும் அது ஓகே என்றுதான் சொல்லும்.

மறுநாள் அப்பத்தாவை வரச்சொல்லி, புது ஸ்ட்ரிப்பில் மறுபடி பார்த்தேன். அன்றும் வெறும் வயிறு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு விரலில் 172. அதே ஐந்து நிமிடத்துக்குள் நரம்பில் எடுத்த ரத்தம் லேபில் 139. ஐஎஸ்ஓ 15197 என்ற தரவிதியின் 2013 பதிப்புப்படி, லேப் அளவு 100-க்கு மேல் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவையாவது மெஷின் 15 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 139-க்கு அந்த மேல் எல்லை 160. கண்ட்ரோல் சரியாக வந்த மெஷினே இவரிடம் அதைத் தாண்டியது. என் விரலிலும் வேறு இரண்டு பேரிடமும் லேபோடு ஒத்துப்போயிற்று.

காரணம் அவருடைய ரத்தம். ஹீமோகுளோபின் 6.8. சிவப்பணு குறைவாக இருந்தால் பல ஸ்ட்ரிப்கள் சுகரை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். எந்த அளவு சிவப்பணு வரை இந்த ஸ்ட்ரிப் செல்லும் என்று கம்பெனியின் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். எங்களுடையதில் 30 முதல் 55 சதவீதம். அவருக்கு இருந்தது 21. கண்ட்ரோல் சொல்யூஷனில் சிவப்பணுவே கிடையாது, அதனால் அந்தச் சோதனை இதை ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. அவருக்கு இப்போது சுகரை லேபில்தான் பார்க்கிறோம், ரத்தசோகைக்கும் வைத்தியம் நடக்கிறது.

லேபோடு ஒப்பிடும்போது வெறும் வயிற்றில் மட்டும் ஒப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சுகர் நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். எடுத்த ரத்தத்தை லேபில் அப்படியே போட்டு வைத்தாலும் கணக்குக் கெட்டுவிடும். ரத்த அணுக்களே குளுக்கோஸைத் தின்று, ஒரு மணி நேரத்தில் 5 முதல் 7 சதவீதம் வரை குறைத்துவிடும். அப்புறம் நல்ல மெஷின்மேல் பழி போடுவோம்.

குளுக்கோமீட்டரில் நம்மால் முடிவது இவ்வளவுதான். திருகித் திருத்த அதில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு லாட் ஸ்ட்ரிப்பையும் தொழிற்சாலையில் லேப் கருவியோடு ஒப்பிட்டு, அந்தக் கணக்கைக் குறியீட்டு எண்ணாகவோ சிப்பாகவோ கொடுத்துவிடுகிறார்கள், அல்லது எல்லா லாட்டையும் ஒரே கணக்குக்கு வரும்படி செய்துவிடுகிறார்கள். குறியீட்டு எண் போடும் பழைய மெஷின் என்றால், திரையில் வரும் எண்ணும் டப்பா எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது நம் வேலை. புது ஸ்ட்ரிப், புது பேட்டரி, காலாவதியாகாத கண்ட்ரோல் எல்லாம் போட்டும் எல்லைக்கு வெளியே வந்தால் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். மெஷினின் சீரியல் எண், ஸ்ட்ரிப்பின் லாட் எண், கண்ட்ரோலில் வந்த அளவு மூன்றையும் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். நடுவில் வந்து ‘பிழையைச் சரிசெய்தேன்’ என்பவர் எதைச் சரிசெய்தார் என்று கேளுங்கள்.

ஆக்சிமீட்டர் கதை இன்னும் மோசம். மே மாதம், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள ஒருவர் மூச்சு வாங்கியபடி வந்தார். பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்று 97 காட்டியது. ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இன்னொன்றை மாட்டினேன், 87. எதை நம்புவது? மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 112. இரண்டாவது கருவி 111 என்றது. முதல் கருவி 76-லேயே நின்றது. நாடியையே பிடிக்காத கருவி சொல்லும் ஆக்சிஜன் அளவை நம்பக் கூடாது, ஏனென்றால் அந்த அளவைக் கணக்கிடுவதே நாடித் துடிப்பிலிருந்துதான். ஆக்சிஜன் வைத்து மதுரைக்கு அனுப்பினோம். அங்கே தமனி ரத்தத்தில் 86 என்று வந்தது.

மார்ச்சில் அந்த ஆள் தன் விரலில் பார்த்தபோது இரண்டுமே 98 காட்டின. நல்ல நுரையீரல் உள்ளவர் விரலில் ஓட்டைக் கருவியும் 98 காட்டும், நல்ல கருவியும் 98 காட்டும். நமக்குத் தெரிய வேண்டியது 90-க்குக் கீழே அது என்ன சொல்லும் என்பதுதான். கிளினிக்கில் ஆரோக்கியமான விரலில் அதைப் பார்க்க வழியே இல்லை.

சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டும் விரலுக்குள் போய் வருகின்றன. துடிப்போடு சேர்ந்து அவை எந்த விகிதத்தில் மாறுகின்றன என்று கருவி அளந்து, உள்ளே இருக்கும் அட்டவணையைப் பார்த்து எண்ணைச் சொல்கிறது. அந்த அட்டவணையைக் கம்பெனிகள் மனிதர்களை வைத்துத் தயாரிக்கின்றன. தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்து, 70 சதவீதம் வரை படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி ரத்தம் எடுத்து லேப் கருவியில் ஒப்பிடுகிறார்கள். எங்கள் ஊசி போடும் அறையில் அரை மணி நேரத்தில் 70 வரை சோதித்தேன் என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால் அது பொய்.

சிமுலேட்டர் என்று செயற்கை விரல் ஒன்று உண்டு, பெரிய ஆஸ்பத்திரிகளில் பயோமெடிக்கல் ஆட்கள் வைத்திருப்பார்கள். அது நேர்மையான கருவிதான். விளக்கு எரிகிறதா, சென்சார் கேட்கிறதா, கம்பெனி அட்டவணைப்படி எண் வருகிறதா என்று காட்டும். அந்த அட்டவணையே தப்பாக இருந்தால் அதற்குத் தெரியாது. துல்லியத்துக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

கிளினிக்கில் நாங்கள் இப்போது பார்ப்பது கொஞ்சம்தான். நாடியைக் கையால் எண்ணி ஒப்பிடுகிறோம், அலைக்கோடு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிறோம். நகப்பூச்சை அழித்து, குளிர்ந்த விரலைச் சூடாக்கிவிட்டு மாட்டுகிறோம். குறைந்த அளவு உள்ள நோயாளி வந்தால் இரண்டு கருவியையும் மாட்டிப் பார்க்கிறோம். மூன்று, நான்கு எண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒதுக்கிவிடுகிறோம். நல்ல கருவியும் கருத்த தோலில் சிலருக்குக் கூட்டிக் காட்டும் என்பது 2020-இல் அமெரிக்காவில் வந்த ஆய்விலேயே தெளிவாயிற்று. அதனால் 93 என்று வந்தாலும் ஆளின் மூச்சைப் பார்த்துத்தான் முடிவு.

நான்கு பிபி கருவிகள் கதை வேறு. தெரிந்த அழுத்தத்தோடு அவற்றை உண்மையாகவே ஒப்பிட்டுப் பார்க்கலாம், அது கிளினிக்கிலேயே செய்யக்கூடிய வேலை. அந்த ஆள் அதையும் செய்யவில்லை.

சர்டிஃபிகேட்டில் என்ஏபிஎல் என்று ஒரு எண் இருந்தது. அந்த அமைப்பின் இணையதளத்தில் ஒவ்வொரு லேபுக்கும் எதை எதைச் சோதிக்க அங்கீகாரம் உண்டு என்ற பட்டியல் இருக்கிறது. தேடிப் பார்த்தோம். அந்த எண்ணுக்கு எடைக்கல்லும் தெர்மாமீட்டரும்தான் இருந்தன. போன் செய்தால் “டெக்னீஷியன் மாறிட்டார் மேடம்” என்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை. 76-லேயே நின்ற ஆக்சிமீட்டரின் கம்பெனிக்கு எழுதினோம், அட்டையில் இருந்த முகவரியிலிருந்து கடிதம் திரும்பி வந்துவிட்டது. கருவியைப் பச்சை ஸ்டிக்கரோடு கவரில் போட்டு, புகாரோடு காட்டுவதற்காக பீரோவில் வைத்திருக்கிறேன்.