எந்த விதியை நம்புவது? சப்போர்ட், கான்ஃபிடன்ஸ், லிஃப்ட் மூன்றும் பத்து பில்களில்

மளிகை பில்களை அலசினால் "இதை வாங்குபவர் அதையும் வாங்குகிறார்" என்ற விதிகள் கிடைக்கும். எந்த விதி உருப்படியானது என்பதில் மூன்று அளவுகோல்களும் மூன்று விதமாகப் பேசும். இந்தப் பத்து பில்களைப் பாருங்கள்:

| பில் | பொருட்கள் |
|---|---|
| 1 | பால், ரொட்டி, வெண்ணெய் |
| 2 | பால், முட்டை |
| 3 | பால், ரொட்டி, வெண்ணெய் |
| 4 | முட்டை, ரொட்டி |
| 5 | பால், முட்டை |
| 6 | பால், ரொட்டி |
| 7 | பால், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி |
| 8 | பால், முட்டை |
| 9 | ரொட்டி, வெண்ணெய் |
| 10 | பால், ரொட்டி |

போட்டியில் இரண்டு விதிகள்: முட்டை → பால், ரொட்டி → வெண்ணெய்.

சப்போர்ட் என்பது இரண்டு பொருளும் சேர்ந்து வரும் பில்களின் பங்கு. இரண்டு ஜோடிகளும் 3 பில்களில் வருகின்றன, ஆக 30%. இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது கான்ஃபிடன்ஸ். முட்டை வாங்கிய 4 பேரில் 3 பேர் பாலும் வாங்கினார்கள்: 75%. ரொட்டி வாங்கிய 6 பேரில் 3 பேர் வெண்ணெய் வாங்கினார்கள்: 50%. முட்டை விதி முந்திவிட்டது. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் பால் எப்படியும் 8 பில்களில், அதாவது 80% பில்களில் இருக்கிறது. முட்டை வாங்கியவர்களிடம் அது 75%. முட்டையைப் பார்த்ததும் பாலுக்கான வாய்ப்பு சற்றுக் குறையத்தான் செய்கிறது!

இதைப் பிடிப்பது லிஃப்ட். கான்ஃபிடன்ஸை, வலப்பக்கப் பொருள் பொதுவாக வரும் பங்கால் வகுக்க வேண்டும்:

```
முட்டை → பால்      : 0.75 / 0.80 ≈ 0.94
ரொட்டி → வெண்ணெய் : 0.50 / 0.30 ≈ 1.67
```

1 என்றால் இரண்டுக்கும் தொடர்பில்லை. ரொட்டியும் வெண்ணெயும் தற்செயலாகச் சேர்ந்தால் 1.8 பில்களில் வரலாம், வந்திருப்பதோ 3. என் ஓட்டு ரொட்டிக்கே. ஆனால் லிஃப்ட்டுக்குத் திசை கிடையாது, விதியைத் திருப்பிப் போட்டாலும் அதே 1.67தான். கான்ஃபிடன்ஸ் அப்படியல்ல: வெண்ணெய் → ரொட்டி 100%. வெண்ணெய் வாங்குபவருக்கு ரொட்டியைக் காட்டுவதா, ரொட்டி வாங்குபவருக்கு வெண்ணெயைக் காட்டுவதா என்பதற்குக் கான்ஃபிடன்ஸ்தான் வேண்டும்.

சரி, லிஃப்ட்டை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் என்ன? 7ஆம் பில்லைப் பாருங்கள். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி இரண்டும் அந்த ஒரே பில்லில்தான் இருக்கின்றன. கான்ஃபிடன்ஸ் 100%, லிஃப்ட் 10! அந்த ஒருவர் கடைக்கு வராமல் இருந்திருந்தால் விதியே இல்லை. நிஜத் தரவில் இப்படிப்பட்ட அபூர்வ ஜோடிகள்தான் பட்டியலின் உச்சியில் வந்து உட்காரும். அதனால்தான் குறைந்தபட்ச சப்போர்ட் ஒன்றை முதலிலேயே வைத்து வடிகட்டுகிறார்கள். அந்த எல்லையைச் சதவீதத்தோடு எண்ணிக்கையாகவும் பார்ப்பது நல்லது. 10 பில்லில் 10% என்பது ஒரே ஆள். 10,000 பில்லில் அதே 10% என்றால் 1,000 பில்கள். அப்போது அதே லிஃப்ட் 10ஐத் தாராளமாக நம்பலாம்.