ஐந்துக்கு ஐந்தா, ஐந்துக்கு ஏழா: இரண்டு சிக்குக்கோலங்களுக்குப் புள்ளி போடுவது எப்படி

தைப்பொங்கலையொட்டி யாழ்ப்பாணத்தில் கோலப்போட்டி நடக்கும்போது நடுவர்கள் அடிக்கடி திணறுகிற இடம் ஒன்று உண்டு. ஒருவர் ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து குற்று வைத்துச் சிக்குக்கோலம் போட்டிருப்பார். பக்கத்தில் இன்னொருவர் ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு குற்று வைத்திருப்பார். இரண்டும் நேர்க்குற்று, இரண்டுக்கும் இடைவெளி 5 செ.மீ. (நமக்குப் புள்ளி என்றால் மதிப்பெண்ணும்தான். குழப்பம் வராமல் இங்கே தரையில் வைப்பதைக் குற்று என்றே சொல்வோம்.)

இழை அறுபடாமல் ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஏழு குற்றுக் கோலத்தில் ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் முழுக்கோலத்தையும் சுற்றி அதே மூலைக்கு வந்துவிடலாம். ஐந்துக்கு ஐந்தில் அப்படி வராது. ஐந்து தனி இழைகள் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும். இது போட்டவரின் பிழையல்ல. அடுத்தடுத்த இரண்டு குற்றுகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் இழைகள் குறுக்கே வெட்டிப் போகும் சாதாரணக் கோலத்தில், இழைகளின் எண்ணிக்கை இரு பக்க எண்களின் பொதுக் காரணிகளுள் பெரியதற்குச் சமம். 5, 7 என்றால் ஒன்று. 5, 5 என்றால் ஐந்து. 4, 6 என்றால் இரண்டு. ஆகவே ‘ஒரே இழை’ என்பது போட்டியின் நிபந்தனையானால் குற்று வைக்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காமல் பிறகு அதற்காகப் புள்ளி வெட்டுவது அநியாயம்.

கைப்பிழை வேறு சங்கதி. வெட்டிப் போகவேண்டிய ஓரிடத்தில் இழை வெட்டாமல் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு ஐந்தில் எந்த வெட்டும் இரண்டு வெவ்வேறு இழைகள் சந்திக்கும் இடம். அதனால் இரண்டு இழை ஒன்றாகி மொத்தம் நான்காகும், எண்ணினாலே பிடிபடும். ஏழு குற்றுக் கோலத்தில் திரும்பிய விதத்தைப் பொறுத்து இழை இரண்டாகப் பிரியலாம், பிரியாமல் ஒன்றாகவே இருக்கவும் செய்யலாம். பின்னது நேர்ந்தால் ஈர்க்கை இழைக்கு மேலே பிடித்தபடி முழுக்கச் சுற்றி வந்தாலும் எல்லாம் சரிபோலத் தோன்றும், பிழை உள்ளேயே இருக்கும். ஒரே இழைக் கோலத்தைச் சுற்றிப் பார்த்து மட்டும் தேற்றக்கூடாது என்பது இதனால்தான். 58 வெட்டுகளையும் கண்ணால் பார்க்கவேண்டும். பிழையுள்ள இடத்தில் இரண்டு குற்று ஒரே அறைக்குள் அகப்பட்டிருக்கும், இல்லையேல் இரண்டு வளைவுகள் முதுகுக்கு முதுகு நிற்கும்.

சமநிலையில் ஐந்துக்கு ஐந்துக்கே இயல்பான மேன்மை. கால் சுற்றுத் திருப்பினாலும் அதே உருவம். மூலைவிட்டத்தில் மடித்தாலும் பொருந்தும். ஏழு குற்றுக் கோலம் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மட்டுமே மடியும். வடிவம் தருகிற இந்த வித்தியாசத்துக்குப் புள்ளி கூட்டிக் குறைக்கத் தேவையில்லை. தனக்குரிய மடிப்புகளில் அந்தந்தக் கோலம் பொருந்துகிறதா என்றே பார்க்கவேண்டும். மேலே சொன்ன ஒளிந்த பிழையும் பெரும்பாலும் இங்கேதான் வெளிவரும், ஏனென்றால் எதிர்ப்பக்கத்துச் சோடி வெட்டு சரியாக இருக்கும்.

இடைவெளியை அளக்க ஒரு நூலும் அடிமட்டமும் போதும். ஐந்து குற்றுக்கு நான்கு இடைவெளி, ஆக 20 செ.மீ.; ஏழுக்கு 30. நான்கு விளிம்பும் சரியாக வந்ததும் அளவு முடிந்தது என்று எழும்பிவிடுகிறார்கள். மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால்தான் சாய்வு தெரியும். ஐந்துக்கு ஐந்தில் இரண்டும் 28.3 செ.மீ., மற்றதில் 36.1 வரவேண்டும். முதலாவதில் 28உம் 28.5உம் வந்தால் பொறுக்கலாம். இரண்டாவதில் 37உம் 35உம் வந்தால், விளிம்பெல்லாம் சரியாக இருந்தும் கோலத்தின் ஒரு குறுகிய பக்கம் எதிர்ப்பக்கத்தை விட ஏறத்தாழ 1.8 செ.மீ. சறுக்கியிருக்கிறது, ஓர் இடைவெளியில் மூன்றிலொன்றுக்கும் மேல். ஒரு மூலையிலிருந்து குற்றுக்குக் குற்று பார்த்து வைத்துக்கொண்டே போவதால் சிறு சாய்வும் சேர்ந்து இப்படியாகும். நடு வரிசையையும் அதற்குச் செங்குத்தாக நடு நிரலையும் முதலில் வைத்துவிட்டு வெளியே விரித்தால் குறையும்.

இழைக்கும் அளவுண்டு. வெட்டு, குற்றிலிருந்து 2.5 செ.மீ. தூரத்தில் விழவேண்டும், நேராக ஓடும் இழை குற்றிலிருந்து 1.8 செ.மீ. விலகிப் போகவேண்டும். உள்ளே உள்ள அறைகள் சில பெரிதாயும் சில சிறிதாயும் தெரிந்தால் அங்கே அடிமட்டத்தை வைத்துப் பார்க்கலாம்.

ஒரு பிடி மாவில் முழு இழையும் முடியாது, ஆகவே ஒட்டு வரத்தான் செய்யும். ஒட்டு நேர் ஓட்டத்தின் நடுவில் இருந்தால் மறையும். வளைவில் இருந்தால் மா தடித்துப் புடைக்கும்.

நிபந்தனை எதுவும் சொல்லாத போட்டியில், ஐந்துக்கு ஐந்து 28, 28.5 என்றும் இழைப்பிழை இல்லாமலும் இருக்க, மற்றது 37, 35 என்றும் ஒரு வெட்டுத் தவறியும் இருந்தால், முதலிடம் ஐந்துக்கு ஐந்துக்குத்தான். ஒரே இழை என்று முன்பே அறிவித்திருந்தால் அந்தக் கோலம் போட்டிக்குள்ளேயே வராது. அப்போது மற்றதைச் சுற்றிப் பார்க்கவேண்டும்: தவறிய வெட்டு இழையை இரண்டாகப் பிரித்திருந்தால் அதுவும் வெளியே, பிரிக்கவில்லையென்றால் சாய்வுக்கும் அந்த வெட்டுக்கும் புள்ளி குறைத்து வைத்துக்கொள்ளலாம்.