ரீஆம்ப் பாக்ஸ் என்று வாங்கியது வெறும் அடாப்டர்: 8,000 போச்சு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கையால் செய்த ஸ்டுடியோ சாமான்களை ஆன்லைனில் விற்கும் ஒருவரிடம் 8,000 கொடுத்து ரீஆம்ப் பாக்ஸ் வாங்கினேன், ஏற்கெனவே ரெக்கார்ட் செய்த கிட்டாரை இன்டர்ஃபேஸிலிருந்து மறுபடி ஆம்புக்கு அனுப்பும் பெட்டி அது. "உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கா?" என்று முன்கூட்டியே கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: "ஒரிஜினல் டிரான்ஸ்ஃபார்மர்தான் சார், கிரவுண்ட் லிஃப்டும் இருக்கு." கூடவே உள்பக்கப் படம் ஒன்று. அந்தப் படத்தை நம்பித்தான் பணம் அனுப்பினேன்.

டிஐ டிராக்கை, அதாவது ஆம்ப் இல்லாமல் நேராக ரெக்கார்ட் செய்த கிட்டாரை, பெட்டி வழியாக ஆம்புக்கு அனுப்பியதும் கிட்டாரைவிட ஹம்தான் பெரிதாகக் கேட்டது. இன்டர்ஃபேஸ் கம்ப்யூட்டர் வழியாக எர்த் ஆகியிருக்கிறது, ஆம்ப் தன் பிளக் வழியாக. நடுவில் தனிமைப்படுத்த எதுவும் இல்லையென்றால் இரண்டு எர்த்தும் கேபிளின் ஷீல்டு வழியாக வளையமாகிவிடும். அந்த ஷீல்டு தொடர்பைத் துண்டிக்க வேண்டிய கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டியும் துளி மாற்றம் இல்லை.

விற்றவரிடம் சொன்னேன். முதலில் "கேபிள் சரியில்லை". அடுத்து "ஆம்ப் கெய்னைக் குறைங்க". மூன்றாவதாக வந்ததுதான் அயோக்கியத்தனம்: "ஆம்ப் பிளக்கோட எர்த் பின்னைக் கழட்டிடுங்க, ஹம் போயிடும்." வால்வு ஆம்பில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. உள்ளே ஏதாவது பழுதானால் அந்த மின்சாரம் சேஸிஸுக்கும், கிட்டார் கம்பி வழியாக உங்கள் கைக்கும் வரும். யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

கோபத்தில் பெட்டியைத் திறந்தேன். குமிழுக்குப் பின்னால் லெவலைக் குறைக்கும் 10 கிலோ ஓம் பாட் ஒன்று, இரண்டு ஒயர், எதோடும் இணைக்காத ஒரு சுவிட்ச். சிக்னல் உள்ளே வரும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் 3-ஆம் பின் நேராக கிரவுண்டில். டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. படம் அனுப்பிக் கேட்டதற்கு "திறந்த பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை" என்று முடித்துவிட்டார்கள். இதற்கு 8,000!

திறக்காமலே கண்டுபிடித்திருக்கலாம். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, எதோடும் இணைக்காத பெட்டியின் எக்ஸ்எல்ஆர் 2-ஆம் பின்னுக்கும் ஜாக்கின் முனைக்கும் நடுவே பாருங்கள். உண்மையான டிரான்ஸ்ஃபார்மர் தனிமைப்படுத்தியிருந்தால் தொடர்பே காட்டாது. லிஃப்ட் போட்ட நிலையில் 1-ஆம் பின்னுக்கும் ஜாக்கின் ஸ்லீவுக்கும் நடுவிலும் காட்டக் கூடாது. என்னுடையதில் குமிழை முழுக்கத் திருப்பினால் முதல் இடத்தில் 0 ஓம், இரண்டாவதில் எப்போதும் 0.

லெவலுக்கு வருகிறேன், அதையும் "காதால் பார்த்து வைங்க" என்றுதான் சொன்னார்கள். கணக்கு இப்படி, டிபியு என்பது சிக்னல் வோல்டேஜின் அளவு. இன்டர்ஃபேஸின் கிட்டார் இன்புட் குறைந்த கெய்னில் +12 டிபியு வரை தாங்குகிறது, ரெக்கார்டிங்கில் கெய்னை 15 டெசிபெல் ஏற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மீட்டரில் முழு அளவு என்பது கிட்டார் பக்கம் -3 டிபியு. லைன் அவுட்டில் அதே முழு அளவு +18 டிபியுவாக வெளியே வரும். கிட்டாரிலிருந்து வந்த அதே அளவு ஆம்புக்குப் போக வேண்டுமென்றால் 21 டெசிபெல் குறைக்க வேண்டும். சரிபார்க்க, 100 ஹெர்ட்ஸ் சைன் டோனை முழு அளவுக்கு 12 டெசிபெல் கீழே வைத்து ஓட்டுங்கள். மல்டிமீட்டர் ஏசியில் லைன் அவுட்டில் சுமார் 1.55 வோல்ட் காட்டும். பெட்டியின் ஜாக்கில் 0.14 வோல்ட் வரும்வரை குமிழைத் திருப்பி, அங்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள். உங்கள் இன்டர்ஃபேஸின் எண்கள் வேறாக இருக்கும், அதன் மேனுவலில் பாருங்கள். ரெக்கார்ட் செய்த கெய்னைக் குறித்து வைக்காவிட்டால் இந்தக் கணக்கே நிற்காது.

இம்பிடன்ஸ் விஷயத்தில் அதிகம் பயப்பட வேண்டாம். ஆம்ப் இன்புட் பொதுவாக 1 மெகா ஓம், அதற்கு முன்னால் 200 ஓம் இருந்தாலும் 10 கிலோ ஓம் இருந்தாலும் பெரிய வித்தியாசம் கேட்காது. ஃபஸ் பெடல்தான் விதிவிலக்கு. அதன் இன்புட் பிக்கப்பையே இழுத்துப் பிடிக்கும் வகை, குறைந்த இம்பிடன்ஸ் கொடுத்தால் கரகரவென்று கத்தும். இன்னொன்று, டிஐ எடுக்கும்போதே கிட்டாரை லைன் இன்புட்டில் செருகியிருந்தால் ட்ரெபிள் அங்கேயே செத்திருக்கும். எந்தப் பெட்டியாலும் அது திரும்ப வராது.

நிறைய அறிவுரை சொல்ல நினைத்தேன், கை நடுங்குகிறது. வந்த அன்றே மீட்டர் வைத்துப் பாருங்கள். அளந்து முடிக்கும்வரை ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். வீட்டில் பாசிவ் டிஐ, அதாவது மின்சாரம் இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மரால் மட்டும் ஓடும் டிஐ பெட்டி, இருந்தால் தலைகீழாகப் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் லெவல் சுமார் 20 டெசிபெல் ஏறும், அதனால் அவுட்புட்டை அடியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். 8,000 கொடுத்த பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது.