சஹ்யாத்ரியின் படிகளைப் படிக்க எந்த நூல்?

சஹ்யாத்ரி எனப்படும் மகாராஷ்டிர மேற்குத் தொடர்ச்சி மலையில், லோணாவளா பக்கம் மலையேறுபவர் கண்ணில் முதலில் படுவது படிக்கட்டு போன்ற சரிவு: செங்குத்துப் பாறை, அதன்மேல் புல் வளர்ந்த தட்டு, மறுபடி செங்குத்து. இது ஏன் இப்படி என்று கேட்பவருக்கு எது உதவும் என்பதை வைத்தே மூன்று ஆங்கில நூல்களை இங்கே எடைபோடுகிறோம்.

பிரணய் லாலின் ‘இண்டிகா’ (2016) காலத்தைச் சொல்லித் தரும் நூல். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியதை முழு இந்தியக் கதையின் நடுவில் வைத்துப் பார்க்கலாம். படங்கள் நிறைய. ஆனால் கால வரிசையில் எழுதப்பட்டதால், நிற்கும் இடத்தை வைத்துப் புரட்டித் தேடுவது சிரமம். வீட்டிலேயே படித்துவிட்டுப் போக வேண்டும்.

மார்சியா பியோர்னருட்டின் ‘ரீடிங் த ராக்ஸ்’ (2005) இந்திய மலைகளுக்காக எழுதப்பட்டதல்ல. இருந்தும் மலையேறுபவருக்கு நாங்கள் முதலில் கொடுப்பது இதைத்தான். இந்தப் பாறை எப்படி உருவானது, அதன்பின் அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் பழக்கம் இதிலிருந்து வரும். அந்தக் கேள்வியோடு படிகளைப் பாருங்கள். ஒவ்வொரு குழம்பு அடுக்கின் நடுப்பகுதியும் மெதுவாகக் குளிர்ந்து இறுகி, செங்குத்தாக விரிசல் விட்டிருக்கும். அதனால் சுவராக நிற்கிறது. மேற்பகுதியில் வாயு குமிழ்ந்த துளைகள் இருப்பதால் சீக்கிரம் சிதைந்து தட்டாகிறது.

இங்கே வழக்கமாக நேரும் பிழைகள் இரண்டு. கிடையான அடுக்குகளைக் கண்டதும் நீரில் படிந்த மணற்கல் என்று நினைப்பது ஒன்று. புதிதாக உடைந்த முகத்தைப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பாருங்கள். ஒட்டிய மணல் துகள்கள் தெரியாமல், கருமையான நுண்பாறையும் துளைகளும், சில துளைகளில் வெள்ளைக் கனிமமும் தெரிந்தால் அது எரிமலைக் குழம்பு இறுகி உருவான பசால்ட். சிவப்பு எதைக் கண்டாலும், இரும்பு மிகுந்த செம்பாறையான லேட்டரைட் என்பது இன்னொரு பிழை. பஞ்ச்கனி மேட்டுநிலம் போல உச்சியில் மூடியாகக் கிடப்பது லேட்டரைட். இரண்டு பசால்ட் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய சிவப்புப் பட்டையாக இருந்தால், பெரும்பாலும் அது அடுத்த குழம்பு வருமுன் சிதைந்த பழைய மேற்பரப்பு. இரண்டு எரிமலை வெடிப்புகளுக்கு இடையில் இருந்த இடைவெளியின் சாட்சி அது.

ராமகிருஷ்ணனும் வைத்தியநாதனும் எழுதிய ‘ஜியாலஜி ஆஃப் இந்தியா’ இரண்டு கனத்த தொகுதி. அடுக்குகளின் பெயரும் வரிசையும் துல்லியமாகக் கிடைக்கும், பாறையை அடையாளம் காணக் கற்றுத் தராது. வாங்க வேண்டாம், போகும் பகுதிக்குரிய அத்தியாயத்தை மட்டும் நூலகத்தில் படித்துக் குறிப்பெடுத்தால் போதும்.

மூன்றிலும் இல்லாதது நீங்கள் நிற்கும் இடத்தின் வரைபடம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ‘பூகோஷ்’ தளத்தில் 1:50,000 அளவு வரைபடங்கள் உண்டு. அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். ஒரு ஆள் உயரச் சிவப்புப் பட்டையை அதில் தேடாதீர்கள்.