மயில்கழுத்துப் புடவைக்கு மூன்று பதில்கள்

வாட்ஸ்அப்பில் புடவை விற்கிறேன். போன மாதம் ஒருவர் 2,800 ரூபாய்க்கு மயில்கழுத்து நிறப் பட்டுப்பருத்திப் புடவை வாங்கினார். அவர் கேட்டபடி ஃபால்ஸ் தைத்து, பிளவுஸ் துணியையும் தனியாக வெட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் செய்தி வந்தது: "போட்டோவில் நீலம், வந்திருப்பது பச்சை. பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்."

மயில்கழுத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம். இந்தப் புடவையில் ட்யூப்லைட்டில் நீலம் தூக்கும், வெயிலில் பச்சை தூக்கும். அது பழுது இல்லை. வெட்டியதை இன்னொருவருக்குப் புதுசாக விற்கவும் முடியாது. பணம் தருவதற்கில்லை, சரி. அதை எப்படிச் சொல்வது?

முதலில் எழுதியது: "எங்கள் பாலிசிப்படி ரீஃபண்ட் கிடையாது." தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏன் பச்சை என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. அடுத்த செய்தி சண்டையாகத்தான் வரும்.

அப்புறம் இப்படி: "மன்னிக்கவும் மேடம், ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன், பார்க்கலாம்." (ஓனரே நான்தான்.) மரியாதையாகத் தெரிந்தாலும் மூன்றில் இதுதான் மோசம். 'பார்க்கலாம்' என்பதை அவர் 'கிடைக்கும்' என்றுதான் படிப்பார். நாலு நாள் இழுத்துவிட்டு முடியாது என்றால் ஏமாற்றியதாகவே ஆகும்.

அனுப்பியது இது:

"வணக்கம் மேடம். பணத்தைத் திருப்பித் தர இயலாது, வருந்துகிறேன். பிளவுஸ் துணியை வெட்டிவிட்டதால் புதுப் புடவையாக இனி விற்க முடியாது. மயில்கழுத்தில் நீலமும் பச்சையும் சேர்ந்தே நெய்திருக்கும். வெயிலில் எடுத்த படத்தையும் அனுப்பாமல் விட்டது என் தவறு. அதனால் இரண்டு வழி: நீலத்தை எடுத்துக்காட்டும் வேறு பிளவுஸ் துணி என் செலவில் அனுப்புகிறேன். இல்லையென்றால் புடவையை அனுப்புங்கள், கூரியர் செலவு என்னுடையது. ஃபால்ஸ் தைத்த புடவை என்று சொல்லியே 2,000 ரூபாய்க்கு விற்றுப் பார்க்கிறேன். விற்ற பணம் முழுவதும் உங்களுக்கு. 30 நாளில் விற்காவிட்டால் புடவை உங்களிடமே திரும்ப வரும். எது வசதி என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

'விற்றுத் தருகிறேன்' என்றுதான் முதலில் அடித்தேன். என் கையில் இல்லாததற்கு வாக்கு கொடுப்பதாகப் பட்டது. 'விற்றுப் பார்க்கிறேன்' என்று மாற்றி, விற்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தேன். அடுத்த புடவைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி என்று ஒரு வரி இருந்தது, அதை அழித்துவிட்டேன். கோபத்தில் இருப்பவரை மறுபடி செலவு செய்யச் சொல்வது மாற்று வழி ஆகாது.

அவர் பிளவுஸ் துணியைக் கேட்டார்.

புடவை கிழிந்தோ நெசவு விட்டோ வந்திருந்தால் இந்த மூன்று பதிலுக்கும் வேலையே இல்லை. பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அங்கே பணத்தை அனுப்பிவிட வேண்டியதுதான்.